கல்யாண ஆல்பம் கொடுத்தாச்சு, மீதிப் பணம் வரவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமணப் படம் எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் கணக்கும் ஆல்பம் டெலிவரியும் என் பொறுப்பு. புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: விசேஷம் முடிந்தபின் மீதிப் பணத்தை எப்படிக் கேட்பது? அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆல்பம் குடுத்தாச்சுக்கா. மீதிப் பணத்தை என்னைக்குக் கேக்கலாம்? உடனே கேட்டா தப்பா நினைப்பாங்களோ?

பேக்கேஜ் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். "ஆல்பம் பெறும்போது மீதி" என்று இருந்தால், ஆல்பம் கைமாறிய நாளே பணத்துக்கான நாள். அன்று வரவில்லை என்றால் மூன்றாவது அல்லது நான்காவது நாள் முதல் நினைவூட்டல் போகலாம். "ஆல்பம் பெற்ற 15 நாளுக்குள்" என்று இருந்தால் 15 நாள் முடியட்டும், 16ஆம் நாள் அனுப்புங்கள்.

ஆல்பம் வீட்டுக்குப் போன முதல் வாரத்தில்தான் குடும்பமே உட்கார்ந்து புரட்டிப் பார்க்கும், சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். உங்கள் வேலை அவர்கள் கண்முன் இருக்கும் நாட்கள் அவை. அப்போது கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று மாதம் கழித்து, ஆல்பம் பீரோவுக்குள் போனபின் கேட்டால்தான் "இன்னும் பாக்கி இருக்கா?" என்ற ஆச்சரியம் வருகிறது. தயங்கித் தயங்கித் தள்ளிப்போடுவதுதான் கேட்பதைக் கடினமாக்குகிறது.

போன் பண்ணிச் சொன்னா போதாதா? எழுதி அனுப்பினா ரொம்ப முறையா, ஒட்டாத மாதிரி இருக்கே.

போன் பண்ணுங்கள். ஆனால் எழுதி அனுப்பியபின் பண்ணுங்கள். போனில் பேசும்போது மறுபக்கம் இருப்பவர் கடையில் நிற்கலாம், வண்டி ஓட்டலாம். "சரிப்பா, பாக்கறேன்" என்று வைத்துவிடுவார். தொகை எவ்வளவு, எதற்கு என்பது அவர் மனதில் நிற்காது. வீட்டுக்குப் போய் மனைவியிடமோ அண்ணனிடமோ சொல்லவும் அவர் கையில் ஒன்றும் இருக்காது.

பணம் கொடுப்பவர் பெரும்பாலும் தனியாக முடிவெடுப்பதில்லை. அவர் இன்னொருவருக்கு அப்படியே ஃபார்வர்ட் பண்ணக்கூடிய ஒரு செய்தியைக் கொடுப்பதே அவருக்குச் செய்யும் பெரிய உதவி. வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். வாய்ஸ் நோட் வேண்டாம், அதில் தொகையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

சரி, அந்த மெசேஜ்ல என்னென்ன இருக்கணும்?

முதலில் எந்த விசேஷம், எந்தத் தேதி, எந்த பேக்கேஜ். அடுத்து, அந்த பேக்கேஜில் சொன்னதில் எது எது எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது. ஆல்பம் என்று மட்டும் எழுதாமல் "40 ஷீட் ஆல்பம் ஒன்று, பெட்டியுடன்" என்று எழுதுங்கள். வீடியோ, எடிட் செய்த படங்கள் உள்ள பென் டிரைவ் எல்லாமே அப்படித்தான். அதன்பின் வந்த பணம் தேதி வாரியாக, கடைசியில் மீதி. எப்படி அனுப்பலாம், எந்த நாளுக்குள் என்பதோடு முடித்துவிடலாம்.

பேக்கேஜ் விதியைச் சுட்டும்போது உங்கள் வார்த்தையில் மாற்றி எழுதாதீர்கள். புக்கிங் அன்று அவர்கள் பார்த்த தாளில் இருந்த வரியை அப்படியே எடுத்துப் போடுங்கள், அந்தத் தாளின் படத்தையும் இணையுங்கள். "நம்ம பேசிக்கிட்டபடி" என்று எழுதினால் என்ன பேசினோம் என்ற வாக்குவாதத்துக்கு நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள்.

நான் ஒரு தொகை கேட்டேன், அவங்க அதுல பாதிதான் பாக்கின்னு சொல்றாங்க. யார் கணக்கு தப்பு?

பெரும்பாலும் இரண்டு பேர் கணக்கும் அவரவர் பார்வையில் சரியாகத்தான் இருக்கும். எங்களிடம் வந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன், எண்களைப் புரிவதற்காகச் சுருக்கியிருக்கிறேன். பேக்கேஜ் மொத்தம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். புக்கிங்கில் 25, விசேஷ நாளில் 50, ஆல்பம் பெறும்போது 25. விசேஷ நாளில் அந்த வீட்டுப் பெரியவர் 40 மட்டும் கொடுத்து, "மீதி 10 அப்புறம் தரேன்ப்பா" என்றார். படம் எடுத்த தம்பி தலையாட்டிவிட்டு வந்துவிட்டார், எங்கேயும் குறித்து வைக்கவில்லை.

பிறகு ஆல்பம் டிசைன். பேக்கேஜில் 40 ஷீட். அவர்கள் தேர்ந்தெடுத்த படங்களை வைத்தபோது 52 ஷீட் வந்தது. கூடுதல் ஷீட் ஒவ்வொன்றுக்கும் அரை என்று தாளில் இருக்கிறது, ஆக 12 ஷீட்டுக்கு 6. டிசைனைப் பார்த்து அவர்கள் "ஓகே, பிரிண்ட் போடுங்க" என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டிருந்தார்கள். இதற்கு நடுவில் மாப்பிள்ளையின் அம்மா போனில் தனக்கு ஒரு சின்ன ஆல்பம் கேட்டார், அதற்கு 8.

ஸ்டுடியோவிலிருந்து போன முதல் செய்தி "பேலன்ஸ் 49 பெண்டிங் சார்" என்ற ஒரே வரி. வந்தது 65, எனவே 100இல் 35 பாக்கி. அதோடு 6, அதோடு 8, மொத்தம் 49. கூட்டலில் பிழை இல்லை. ஆனால் அவர்கள் மனதில் இருந்தது கடைசித் தவணையான 25 மட்டுமே. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கேட்பதாகத் தோன்றியதும் கோபம் வந்துவிட்டது. இரண்டாவது செய்தியில் அதையே நான்கு வரியாகப் பிரித்தோம்: கடைசித் தவணை 25, விசேஷ நாளில் நின்றது 10, கூடுதல் ஷீட் 6, சின்ன ஆல்பம் 8. முதல் மூன்றுக்கும் சேர்த்து 41 அன்று மாலையே வந்தது. சின்ன ஆல்பம் பற்றி வீட்டில் யாருக்குமே தெரியவில்லை, அம்மாவிடம் கேட்டுவிட்டு அடுத்த வாரம் அனுப்பினார்கள்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம் இதுதான்: அவர்கள் எதிர்பார்க்கும் தொகையிலிருந்து கணக்கைத் தொடங்குவேன், அது ஏன் கூடியது என்பதை ஒவ்வொரு வரியாகச் சேர்த்துக் காட்டுவேன். இன்னொன்று, ஷீட் வேறு, பக்கம் வேறு. ஒரு ஷீட்டுக்கு இரண்டு பக்கம். 40 ஷீட் என்றால் 80 பக்கம் என்பதை புக்கிங் அன்றே ஒரு மாதிரி ஆல்பத்தைப் புரட்டிக் காட்டிச் சொல்லிவிட்டால் கூடுதல் ஷீட் சண்டை பாதி குறையும்.

எழுத உக்காந்தா வார்த்தையே வர மாட்டேங்குது. ஒரு மாதிரி குடுங்களேன்.

மேலே சொன்ன கணக்கையே வைத்து எழுதுகிறேன். தேதியும் தொகையும் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"வணக்கம் சார். போன வாரம் ஆல்பம் வாங்கிக்கொண்டீர்கள், வீட்டில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டுத் திருமணத்துக்கான கணக்கை அனுப்புகிறேன். பேக்கேஜில் சொன்ன ஆல்பம், முழு வீடியோ, ஹைலைட் வீடியோ, எடிட் செய்த படங்கள் எல்லாம் 12ஆம் தேதி உங்களிடம் கொடுத்துவிட்டோம். பேக்கேஜ் தாளில் உள்ளபடி ஆல்பம் பெறும்போது தர வேண்டிய தவணை 25. விசேஷ நாளில் 50க்கு 40 பெற்றோம், நின்றது 10. ஆல்பம் 40 ஷீட்டுக்குப் பதில் 52 ஷீட், நீங்கள் 3ஆம் தேதி ஓகே சொன்ன டிசைன்படி, கூடுதல் 6. அம்மா கேட்ட சின்ன ஆல்பம் 8. மொத்தம் 49. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப முடியுமா சார்? கணக்கில் ஏதாவது சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள், பார்த்துவிடலாம்."

"தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்", "எங்களுக்கும் செலவு இருக்கிறது", "சங்கடமாக இருக்கிறது" என்பதெல்லாம் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேலை முடிந்தது, கணக்கு இது. கெஞ்சினால் கடன் கேட்பது போல ஆகிவிடும். நாள் குறிப்பிட மறக்காதீர்கள். "சீக்கிரம்" என்ற சொல் எந்தக் கிழமையிலும் வருவதில்லை.

யாருக்கு அனுப்பணும்? புக் பண்ணினது பொண்ணு, அட்வான்ஸ் குடுத்தது அவங்க அப்பா, ஆல்பம் வாங்கினது மாப்பிள்ளை.

பேக்கேஜ் தாளில் யார் பெயரும் கையெழுத்தும் இருக்கிறதோ அவருக்கு. அவர் பெண் என்றால் பெண்ணுக்கு அனுப்புங்கள். அப்பாதான் பணம் தருவார் என்று தெரிந்தால் அவளே அப்பாவுக்கு ஃபார்வர்ட் பண்ணிவிடுவாள். இரண்டு மூன்று பேருக்குத் தனித்தனியாக அனுப்பினால், இன்னொருவர் கொடுத்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள்.

குடும்பக் குரூப்பில் போடவே கூடாது. படம் தேர்ந்தெடுக்க ஆரம்பித்த குரூப்பில் அத்தை, சித்தப்பா எல்லாரும் இருப்பார்கள். அங்கே பாக்கியைப் பற்றி ஒரு வரி போட்டால் பணம் வந்தாலும் அந்த உறவு போய்விடும். இரண்டு வீடும் பாதிப் பாதி தருவதாகப் பேசியிருந்தால் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஒரே கணக்கை அனுப்புங்கள், அவரவர் பங்கைத் தனி வரியாகக் காட்டுங்கள்.

ஆல்பம் குடுத்தப்ப கையெழுத்து எதுவும் வாங்கலை. இப்போ என்ன ஆதாரம் காட்டுறது?

முதல் நினைவூட்டலே ஆதாரமாகிவிடும். "12ஆம் தேதி உங்களிடம் கொடுத்தோம்" என்று எழுதி, அதற்கு அவர் "ஆமா, நல்லா இருக்கு, பணம் அடுத்த வாரம்" என்று பதில் போட்டால் ஆல்பம் பெற்றதை அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிறது. அதனால்தான் கொடுத்தவற்றின் பட்டியலை மெசேஜில் வைக்கச் சொன்னேன். டிரைவ் லிங்க் அனுப்பியிருந்தால் அந்தச் செய்தியின் தேதி, கூரியரில் போயிருந்தால் அதன் ரசீது, இவையும் போதும்.

அடுத்த முறையிலிருந்து ஆல்பத்தைத் திறந்து ஷீட்டை எண்ணிக் காட்டி, பென் டிரைவை ஒரு கணினியில் போட்டு வீடியோ ஓடுவதைக் காட்டி, ஒரு சின்னத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. ஆல்பத்தை எடுக்க வருகிறவர் மச்சினனோ பக்கத்து வீட்டுக்காரரோ என்றால், கொடுக்கும் முன் புக் பண்ணியவருக்கு "இவரிடம் கொடுக்கட்டுமா, மீதி இவ்வளவு" என்று ஒரு வரி அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாபகப்படுத்தினதும்தான் குறை சொல்ல ஆரம்பிக்கிறாங்க. ஒரு ஷீட்ல கலர் சரியில்லையாம், அதை மாத்திக் குடுத்தாதான் பணமாம்.

குறை உண்மையா என்று முதலில் பாருங்கள். பணம் தராமல் இருக்கச் சொல்லும் சாக்கு என்று முடிவு கட்டிவிட்டுப் பேசாதீர்கள். அந்த ஷீட்டைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தால் நேரில் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் பார்த்தால் எந்த ஆல்பமும் மஞ்சளாகத்தான் தெரியும். போன் திரை பிரிண்டைவிடப் பளிச்சென்று காட்டும். இவை இரண்டும் அச்சுக் குறை ஆகாது. அதே ஆளின் முகம் பக்கத்து ஷீட்டில் சரியாக இருந்து இதில் மட்டும் சிவந்திருந்தால், ஓரத்தில் கோடு விழுந்திருந்தால், பசை விட்டிருந்தால், பெயரில் எழுத்துப்பிழை உங்கள் பக்கம் நேர்ந்திருந்தால், அது உங்கள் பொறுப்பு. உங்கள் செலவில் மாற்றிக் கொடுங்கள். அவர்கள் ஓகே சொன்ன டிசைனிலேயே பிழை இருந்து யாரும் கவனிக்கவில்லை என்றால் செலவைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லிக் கேட்பது நியாயம்.

பணத்தைப் பொறுத்தவரை, 52 ஷீட்டில் ஒன்று கெட்டால் முழு மீதியும் நிற்க வேண்டியதில்லை. "அந்த ஷீட்டை மாற்றித் தருகிறோம், அதற்காக ஒரு சின்னத் தொகையை நிறுத்திவையுங்கள், மீதியை இப்போது அனுப்புங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். உண்மையிலேயே குறையால் வருந்தியவர்கள் இதற்குச் சம்மதித்துவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். பைண்டிங் போட்ட ஆல்பத்தில் ஒரு ஷீட்டை மட்டும் மாற்றுவது எல்லா வகையிலும் முடியாது. லேபைக் கேட்டுவிட்டு நாள் சொல்லுங்கள். சொன்ன நாளை நீங்கள் தவறவிட்டால் அதன்பின் நினைவூட்ட உங்களுக்கு வாய் இருக்காது.

ஆல்பமே போடலை. ஆறு மாசமா போட்டோ செலக்ட் பண்ணாம வச்சிருக்காங்க. மீதியைக் கேக்கலாமா?

தாளில் "ஆல்பம் பெறும்போது" என்று இருந்தால் ஆல்பத்துக்கான தவணையை முழுதாகக் கேட்க முடியாது, கொடுக்காத பொருளுக்குக் கேட்பதாகிவிடும். ஆனால் விசேஷ நாளில் நின்ற தொகை, கொடுத்து முடித்த வீடியோ ஆகியவற்றுக்குக் கேட்கலாம், அதைத் தனியாகக் கேளுங்கள். ஆல்பத்துக்கு வேறு மாதிரி செய்தி போக வேண்டும்: படங்கள் எந்தத் தேதியில் தேர்வுக்கு அனுப்பப்பட்டன, எத்தனை தேர்ந்தெடுக்க வேண்டும், எந்த நாளுக்குள்.

இரண்டாயிரம் படத்தை அனுப்பி "செலக்ட் பண்ணுங்க" என்றால் யாராலும் முடியாது. நான் படங்களை முன்கூட்டியே வடிகட்டி, ஆல்பத்துக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மட்டும் ஒரு ஃபோல்டரில் போட்டு, "வேண்டாத படங்களின் எண்ணை மட்டும் சொல்லுங்கள்" என்று அனுப்புவேன். மாதக்கணக்கில் நின்றது சில நாளில் முடிந்திருக்கிறது. இனி அச்சடிக்கும் தாளில் "படங்களை அனுப்பிய 60 நாளுக்குள் தேர்வு வரவில்லை என்றால் மீதித் தொகை அன்றே செலுத்த வேண்டியது, ஆல்பம் தேர்வு வந்தபின் செய்து தரப்படும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய புக்கிங்குக்கு இது செல்லாது.

பணம் வர்ற வரைக்கும் ஒரிஜினல் ஃபைலைக் குடுக்காம வச்சுக்கலாமா? இல்லைன்னா அழிச்சிடுவேன்னு சொல்லலாமா?

கொடுக்க வேண்டியதைப் பணம் வந்தபின் கொடுப்போம் என்று தாளில் எழுதியிருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆல்பத்தையே அப்படி வைத்திருப்பதுதான் சுலபம்: பெட்டியில் போட்டுத் தயாராக இருக்கும் ஆல்பத்தின் படத்தை அனுப்பி, மீதியைச் சொல்லி, எடுக்க வரும் நாளைக் கேட்பது. கொடுத்தபின் துரத்துவதைவிட இது எவ்வளவோ மேல். தாளில் அப்படி எதுவும் இல்லை என்றால், நிறுத்துவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

அழித்துவிடுவேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், விளையாட்டுக்குக்கூட வேண்டாம். அந்த நாளில் உயிரோடு இருந்த தாத்தாவின் கடைசிப் படம் அதில் இருக்கலாம். பாக்கி என்பது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம், போன படம் திரும்ப வராது. எத்தனை காலம் பேக்கப் வைத்திருப்பீர்கள் என்பதை புக்கிங்கிலேயே எழுதி, அந்த நாள் நெருங்கும்போது தனியாகத் தெரிவியுங்கள். அந்தச் செய்தியில் பாக்கியைக் கலக்காதீர்கள்.

லேட்டானதுக்கு வட்டி சேர்க்கலாமா?

முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் சேர்க்கலாம், இல்லையென்றால் இப்போது புதிதாகச் சேர்க்க முடியாது. எழுதியிருந்தாலும் முதல் நினைவூட்டலில் நான் சேர்ப்பதில்லை. இரண்டாவதில் "வருகிற 30ஆம் தேதிக்குள் வந்தால் தாமதக் கட்டணம் இல்லை" என்று எழுதுவேன்.

கல்யாணமாகி நாலு மாசத்துல ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்களாம். இப்போ யாருகிட்ட போய்க் கேக்கறது?

கையெழுத்துப் போட்டவரிடமே. ஆனால் ஆல்பம், வீடியோ பற்றிய பட்டியலை முழுக்க எழுத வேண்டாம், அந்த நாளை ஒவ்வொரு வரியிலும் திரும்பக் காட்டுவது கொடுமை. பேக்கேஜ், வந்த பணம், மீதி மட்டும் போதும். இன்னும் அச்சடிக்காத ஆல்பம் இருந்தால், அது வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அச்சுக்கும் பைண்டிங்குக்கும் ஆகும் செலவைக் கழித்து மீதியைச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது இறந்திருந்தால் நான் ஒரு மாதம் எதுவும் அனுப்புவதில்லை. கணக்கு எங்கும் ஓடிவிடாது.

மூணு தடவை அனுப்பியாச்சு. ப்ளூ டிக் விழுது, பதில் இல்லை. அடுத்து என்ன?

மூன்றும் ஒரே செய்தியாக இருந்ததா என்று பாருங்கள். முதலாவது கணக்கு. பத்து நாள் கழித்துப் போகும் இரண்டாவது, அதே கணக்கோடு "தவணையாகத் தர வேண்டுமா?" என்ற ஒரு கேள்வி. பதில் வராததற்குப் பெரும்பாலும் காரணம் கையில் பணம் இல்லாத கூச்சம்தான். இரண்டு தவணை என்று நீங்களே சொன்னால் பேச்சு திரும்பத் தொடங்குகிறது. அவர் ஒப்புக்கொள்ளும் தொகையையும் தேதிகளையும் அவரே எழுதி அனுப்பும்படி கேளுங்கள்.

மூன்றாவது செய்தி சுருக்கமாகவும் கறாராகவும் இருக்கட்டும்: தொகை, கடைசி நாள், அதன்பின் முறைப்படி நோட்டீஸ் அனுப்புவோம் என்ற ஒரு வரி. அதைச் செய்ய எண்ணமில்லை என்றால் எழுதாதீர்கள். சிறு தொகை வழக்குகளுக்குப் பல நாடுகளில் எளிய வழி இருக்கிறது, ஆனால் கடனைக் கேட்பதற்குக் கால வரம்பும் உண்டு, வருடக்கணக்கில் காத்திருந்தால் அது கடந்துவிடும். பேக்கேஜ் தாள், டிசைனுக்கு ஓகே சொன்ன செய்தி, கொடுத்ததற்கான ஆதாரம், பணம் வந்த விவரம், மூன்று நினைவூட்டல்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டு வக்கீலைப் பாருங்கள். போன் மாற்றும்போது பழைய வாட்ஸ்அப் செய்திகள் தொலைந்து போவதுண்டு, அதனால் இந்த வேலையை மூன்றாவது செய்தி அனுப்பும் அன்றைக்கே செய்துவிடுங்கள்.